கை தானாகத் தலைக்குப் போகுதா? முடியைப் பிடுங்கும் பழக்கமும், அதை மாற்றும் 'ஹேபிட் ரிவர்சல்' பயிற்சியும்

ஒரு கையில் போன். கட்டைவிரல் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலருக்கும் சட்டென்று பதில் தெரியாது. சிலருக்கு அந்தக் கை உச்சந்தலையில் இருக்கும். முடிகளுக்குள் விரல் அலைந்து, மற்ற முடிகளைவிடக் கொஞ்சம் தடிமனான, சொரசொரப்பான ஒன்றைத் தேடிப் பிடித்து, 'சுருக்'கென்று இழுக்கும். பிறகு அதன் வேரைப் பார்க்கும். அரை மணி நேரம் கழித்துத் தலையணையைப் பார்த்தால் இருபது முப்பது முடிகள் கிடக்கும்.

'டென்ஷன்ல முடியைப் பிச்சிக்கலாம் போல இருக்கு' என்று நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். ஆனால் நிஜமாகவே பிய்த்துக்கொள்கிறவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. தலையில் வழுக்கைத் திட்டு தெரிந்தால் 'முடி கொட்டுது' என்கிறார்கள். அம்மா புது எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார், டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதுவார். எதுவும் பலன் தராது. ஏன் என்று அவருக்கு மட்டும் தெரியும், சொல்லவும் முடியாது.

இந்தப் பிரச்னையின் பெயர் ட்ரைக்கோடிலோமேனியா. 1889-ல் ஹலப்போ என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர் வைத்த பெயர் இது. கிரேக்க மொழியில் 'முடி', 'இழுத்தல்' ஆகிய சொற்களிலிருந்து வந்தது. நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் 10 முதல் 13 வயதில், பூப்பெய்தும் பருவத்தையொட்டி ஆரம்பிக்கும். அப்படியே வேலை, கல்யாணம் என்று கூடவே வரும். தலைமுடி மட்டுமல்ல, புருவம், இமை, தாடி, மீசை, கை கால் முடி என்று எங்கு வேண்டுமானாலும் கை போகலாம்.

'மேனியா' என்ற வார்த்தையைப் பார்த்து பயந்துவிட வேண்டாம். பைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நோக்கமும் இதில் இல்லை. ஓ.சி.டி-க்கு உறவுக்காரப் பிரச்னையாக மனநல மருத்துவம் இதை வகைப்படுத்துகிறது. நகம் கடிப்பது, தோலைக் கிள்ளிப் பிய்ப்பது எல்லாம் இதே குடும்பம்தான்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். இதில் வலிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பலருக்கு வலி பெரிதாகத் தெரிவதில்லை, சிலருக்கு அந்தச் 'சுருக்' இதமாகவே இருக்கும். பிடுங்கும் முன் ஒரு இறுக்கம், பிடுங்கியதும் ஒரு நிம்மதி. மூளைக்கு அந்த நிம்மதி ஒரு பரிசு மாதிரி. அதனால்தான் 'இனிமே தொடவே மாட்டேன்' என்ற சபதம் மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு உடைகிறது. மன உறுதி குறைவு என்று திட்டிக்கொள்வதில் பயனில்லை. உங்களுக்கே தெரியாமல் நடக்கும் ஒரு விஷயத்தை மன உறுதியால் எப்படி நிறுத்துவது?

முதலில் ஒரு தோல் மருத்துவர்

பிடுங்குவது உங்களுக்கே தெரியும் என்றாலும் ஒருமுறை தோல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. புழுவெட்டு என்று நாம் சொல்லும் அலோபீசியா ஏரியேட்டாவிலும் திட்டுத் திட்டாக முடி போகும். ஆனால் அந்தத் திட்டு பெரும்பாலும் வட்டமாக, வழவழவென்று இருக்கும். பிடுங்கியதால் வந்த திட்டில் அப்படி இருக்காது. ஒழுங்கில்லாத ஓரம், உள்ளே குட்டையும் நெட்டையுமாக உடைந்த முடிகள், தொட்டால் குச்சி குச்சியாகக் குத்தும். டெர்மாஸ்கோப் என்ற சிறிய கருவியில் பார்த்தால் மருத்துவருக்கு வித்தியாசம் தெரியும். பூஞ்சைத் தொற்று இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

டாக்டரிடம் 'நான்தான் பிடுங்குறேன்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தேவையில்லாத ஊசியும் மருந்தும்தான் மிச்சம். சொல்ல வாய் வரவில்லை என்றால் போனில் டைப் செய்து காட்டுங்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

பிடுங்கிய முடியை மெல்லும், விழுங்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். முடி ஜீரணமாகாது. வயிற்றில் சேர்ந்து பந்தாகலாம். வயிற்று வலி, வாந்தி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, காரணமில்லாமல் எடை குறைவது போன்றவை இருந்தால் இந்தக் கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு வயிற்று டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். பெரிய பந்தாக இருந்தால் ஆபரேஷன் வரை போகும்.

'ஹேபிட் ரிவர்சல்' என்றால் என்ன?

1973-ல் நாதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய பயிற்சி இது. முகம் துடிப்பது, நகம் கடிப்பது மாதிரியான பழக்கங்களுக்காக ஆரம்பித்து, 1980-ல் முடி பிடுங்குபவர்களிடம் தனியாகச் சோதித்தார்கள். கண்ணாடி முன் நின்று, பிடுங்குவது போல் கையை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அசைப்பது அந்தக் காலத்து வைத்தியங்களில் ஒன்று. அதைவிட ஹேபிட் ரிவர்சல் நன்றாக வேலை செய்தது. இன்று வரை இந்தப் பிரச்னைக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது இந்தப் பயிற்சியையும், இதிலிருந்து வளர்ந்த முறைகளையும்தான். மாத்திரைகள் சிலருக்கு உதவலாம். ஆனால் இதற்கென்றே உறுதியாக நிரூபிக்கப்பட்ட மருந்து என்று ஒன்றும் இல்லை.

விஷயம் எளிமையானது. கை மேலே போவதைக் கவனிக்கக் கற்றுக்கொள்வது, போகும்போது அதே கைக்கு வேறு வேலை கொடுப்பது, கை போக வசதியான சூழலைக் கலைப்பது. படிக்க எளிது. செய்யும்போது எங்கே வழுக்கும் என்பதுதான் முக்கியம். அதனால் ஒரு உதாரணத்தோடு போவோம். இது யாருடைய சொந்தக் கதையும் இல்லை, புரிவதற்காக நாம் உருவாக்கிக்கொண்ட ஆள்.

27 வயதுப் பெண். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து முடி பிடுங்குகிறார். உச்சந்தலையில் வலது பக்கம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய திட்டு. வகிடை மாற்றி, கிளிப் போட்டு, கறுப்புப் பவுடர் தூவி மறைக்கிறார். பியூட்டி பார்லர் போவதில்லை, கோயில் குளத்தில் குளிப்பதில்லை, பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் துப்பட்டாவை இறுக்கிக்கொள்கிறார். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். 'கல்யாணத்துல பூ வைக்கறப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே' என்பதுதான் அவருடைய பெரிய பயம்.

முதல் வாரம்: நிறுத்தவே வேண்டாம், எழுதுங்கள்

ஆமாம், முதல் வாரம் பிடுங்குவதை நிறுத்த முயற்சி செய்ய வேண்டியதில்லை. எழுதினால் போதும். போனில் இருக்கும் நோட்ஸ் ஆப்பே போதுமானது. ஒவ்வொரு முறையும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நேரம், இடம், எப்படி உட்கார்ந்திருந்தீர்கள், எந்தக் கை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மனசு எப்படி இருந்தது, பிடுங்கிய முடியை என்ன செய்தீர்கள்.

கடைசிக் கேள்வி அபத்தமாகத் தெரியலாம். ஆனால் அதில்தான் துப்பு கிடைக்கும். சிலர் வேரை உற்றுப் பார்ப்பார்கள். சிலர் உதட்டில் தடவுவார்கள். சிலர் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். சிலர் விரலில் சுற்றி விளையாடுவார்கள். உங்கள் விரலுக்குத் தேவையா, வாய்க்குத் தேவையா, கண்ணுக்குத் தேவையா என்பதை இதுதான் காட்டும். பின்னால் மாற்று தேடும்போது பயன்படும்.

நம் உதாரணப் பெண் ஒரு வாரத்தில் 19 முறை எழுதுகிறார். முதலில் அவர் நினைத்தது, 'ஆபீஸ் டென்ஷன்லதான் பிடுங்குறேன்' என்று. குறிப்புகள் வேறு சொல்கின்றன. 19-ல் 13 முறை இரவு பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். கட்டிலில் சாய்ந்து, வலது முழங்கையைத் தலையணையில் ஊன்றி, இடது கையில் போன். மனநிலை என்ற இடத்தில் பெரும்பாலும் 'ஒண்ணும் இல்ல', 'போர்', 'தூக்கம்' என்று எழுதியிருக்கிறார். ஆபீஸில் நடந்தது 4 முறை மட்டும், எல்லாமே நீளமான எக்செல் ஷீட்டைச் சரிபார்க்கும்போது. மீதி 2 முறை பாத்ரூம் கண்ணாடி முன்னால், இரண்டு தடவையும் அம்மாவோடு சண்டை போட்ட பிறகு.

இங்கே இரண்டு வகை தெரிகிறது பாருங்கள். கட்டிலிலும் எக்செல் முன்னாலும் நடப்பது தானாக நடப்பது, கை போவதே தெரியாது. கண்ணாடி முன் நடப்பது வேறு. தெரிந்தே போய், தேடிப் பிடித்து, மனசை ஆற்றிக்கொள்ளப் பிடுங்குவது. பெரும்பாலானவர்களிடம் இரண்டும் கலந்தே இருக்கும். தானாக நடப்பதற்கு ஹேபிட் ரிவர்சல் நன்றாகப் பொருந்தும். தெரிந்தே செய்வதற்கு அதோடு அந்தக் கோபத்தையும் வருத்தத்தையும் கையாளப் பழக வேண்டும். அதற்கு ஒரு சைக்காலஜிஸ்ட் கூட இருந்தால் நல்லது.

அடுத்து, பிடுங்குவதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். கிரிக்கெட்டில் ரன் அவுட்டை ஸ்லோ மோஷனில் பார்ப்போமே, அதுபோல. தலையணையில் முழங்கை ஊன்றுகிறது. கன்னத்தைக் கை தாங்குகிறது. கன்னத்திலிருந்து காதோரம். அங்கிருந்து உச்சி. விரல் நுனிகள் தடவுகின்றன. சொரசொரப்பான முடி சிக்குகிறது. மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. விரலில் சுற்றுகிறது. இழுக்கிறது. பார்க்கிறது. உதட்டில் தடவுகிறது.

பத்துக்கு மேல் படிகள். எல்லோரும் 'இழுக்கிறது' என்ற படியில் நிறுத்தத்தான் போராடுகிறார்கள். அங்கே நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். பிடித்த முடியை இழுக்காமல் விடுவது, வாயில் போட்ட முறுக்கைக் கடிக்காமல் துப்புவது மாதிரி. நிறுத்த வேண்டிய இடம் முதல் படி, முழங்கை ஊன்றும் இடம். அங்கே இன்னும் ஆசையே வரவில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் இதைப் பயிற்சியாகவே செய்யலாம். கட்டிலில் அதேபோல் சாய்ந்து, கையை மெதுவாக மேலே கொண்டுபோய், பிடுங்காமல், ஒவ்வொரு படியிலும் நிறுத்தி 'இப்ப கன்னத்துல இருக்கு', 'இப்ப காதுல இருக்கு' என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். சில நாளில் கை தானாகப் போகும்போதும் நடுவழியில் 'அட' என்று தோன்றும். அந்த 'அட' வருவதுதான் இந்தக் கட்டத்தின் வெற்றி.

இரண்டாவது வாரம்: கைக்கு வேறு வேலை

இதுதான் பயிற்சியின் மையம். கை மேலே போவது தெரிந்ததும், அல்லது பிடுங்க வேண்டும் என்ற குறுகுறுப்பு வந்ததும், பிடுங்கவே முடியாத ஒரு நிலைக்குக் கையைக் கொண்டுபோக வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அஸ்ரினும் நன்னும் ஆரம்பத்தில் மூன்று நிமிடம் என்று சொன்னார்கள். இப்போது பொதுவாக ஒரு நிமிடம் சொல்கிறார்கள். ஒரு நிமிடம் முடிந்தும் குறுகுறுப்பு அடங்கவில்லை என்றால் இன்னொரு நிமிடம்.

எப்படிச் செய்வது? முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை உள்ளே விட்டு விரல்களை மெதுவாக மடக்குங்கள். வலிக்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம், ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்திருப்பது போல இருந்தால் போதும். கையை மடியில் அல்லது தொடையின் பக்கத்தில் வையுங்கள். மூச்சை நிதானமாக உள்ளிழுத்து, அதைவிட நிதானமாக வெளியே விடுங்கள். அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்குக்கூட எதுவும் தெரியாது.

மாற்றுச் செயல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கைகளைக் கோத்துக்கொள்ளலாம், தொடைக்கடியில் வைத்து உட்காரலாம், போனை இரண்டு கையாலும் பிடிக்கலாம். சரியானதா என்று பார்க்க மூன்றே கேள்விகள். அதைச் செய்யும்போது பிடுங்குவது சாத்தியமா? சாத்தியம் என்றால் அது வேண்டாம். பொது இடத்தில் வித்தியாசமாகத் தெரியாமல் செய்ய முடியுமா? ஒரு பொருளும் இல்லாமல் செய்ய முடியுமா? பந்து, பொம்மை எல்லாம் நல்லதுதான். ஆனால் அது பையில் இருக்கும், கை தலையில் இருக்கும்.

நம் ஆள் இரண்டு மாற்றுகளைத் தேர்ந்தெடுக்கிறார். கட்டிலில், போனை இரண்டு கையாலும் பிடித்து முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வது. ஆபீஸில், மௌஸைப் பிடிக்காத கையை மடியில் மடக்கி வைப்பது.

முதல் சில நாள் என்ன ஆகும் தெரியுமா? பெரும்பாலும் பிடுங்கிய பிறகுதான் ஞாபகம் வரும். 'ஐயோ, மறுபடியும்!' அப்போதும் செய்ய வேண்டும். முடி கையில் இருந்தாலும் சரி, கீழே போட்டுவிட்டு ஒரு நிமிடம் கையை மடக்கி வைக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், 'அதான் பிடுங்கியாச்சே' என்று. ஆனால் அந்த ஒரு நிமிடம் அடுத்த முடியைக் காப்பாற்றும். ஒரு முடியோடு நின்றதற்கும் முப்பதில் முடிந்ததற்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நாள் போகப் போக, ஞாபகம் வரும் இடம் முன்னால் நகரும். பிடுங்கிய பிறகு, சுற்றும்போது, தடவும்போது, கன்னத்தில் இருக்கும்போது என்று. நோட்ஸில் 'எந்தப் படியில் பிடித்தேன்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை முடி என்று எண்ணுவதைவிட அது நல்ல அளவுகோல்.

நம் ஆளின் மூன்றாவது வாரக் கணக்கு: கை தலைக்குப் போனது 22 முறை. பயந்துவிடாதீர்கள், கூடியதற்குக் காரணம், முன்பு கவனிக்காமல் போனவற்றையும் இப்போது கவனிக்கிறார். அதில் 9 முறை பிடுங்கும் முன்பே பிடித்துவிட்டார். மீதியில் பாதிக்கு மேல் ஓரிரு முடியோடு நின்றுவிட்டன.

கட்டிலை மாற்றினால் கை மாறும்

பயிற்சியோடு கூடவே சூழலையும் கொஞ்சம் கலைக்க வேண்டும். பிடுங்குவதைச் சிரமமாக்கினால் போதும், முழுதாகத் தடுக்க வேண்டியதில்லை. நடுவில் வரும் இரண்டு விநாடித் தாமதமே 'அட' தோன்ற அவகாசம் கொடுக்கும்.

பிடுங்கும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் பேண்டேஜ் ஒட்டிக்கொள்வது பழைய, மலிவான வழி. முடியின் சொரசொரப்பு விரலுக்குத் தெரியாது, பிடியும் வழுக்கும். ரூபாய் நோட்டு எண்ணுபவர்கள் போடும் ரப்பர் விரல் உறையும் உதவும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இரவில் தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளலாம். சிலருக்குத் தேங்காய் எண்ணெயே கைகொடுக்கும், எண்ணெய் முடி விரலில் நிற்காது. அம்மா காய்ச்சிய எண்ணெய்க்கு இப்படியும் ஒரு பலன் இருக்கிறது! புருவம் பிடுங்குபவர்கள் ட்வீசரைக் கைக்கெட்டாத இடத்தில் அல்லது வேறு ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். பாத்ரூம் கண்ணாடி முன் போகும் பழக்கம் இருந்தால் அங்கே வெளிச்சத்தைக் குறைக்கலாம், ஐந்து நிமிட அலாரத்தோடு உள்ளே போகலாம்.

நம் ஆள் செய்தது ஒன்றே ஒன்று. இரவில் போன் பார்ப்பதைக் கட்டிலிலிருந்து ஹாலில் கைப்பிடி இல்லாத நாற்காலிக்கு மாற்றினார். முழங்கை ஊன்ற இடமே இல்லை. 13 தடவை நடந்த அந்த இடத்துக்கு அது போதும். எல்லா யோசனைகளையும் ஒரே நாளில் அமல்படுத்தினால் நாலாவது நாள் அலுத்துவிடும். உங்கள் குறிப்புகளில் எந்த இடம் அதிகம் வருகிறதோ, அந்த ஓர் இடத்தில் ஆரம்பியுங்கள்.

விரலுக்கோ வாய்க்கோ ஏதோ ஒன்று வேண்டும் என்று முதல் வாரக் குறிப்பில் தெரிந்தால், அதற்கும் ஏதாவது கொடுங்கள். விரலுக்கு நூல் பிரிந்த துணியின் ஓரம், பழைய டூத் பிரஷ், தோலுரிக்க வேர்க்கடலை. உதட்டில் தடவுபவர்களுக்கு அதே பிரஷ்ஷின் நுனி. மெல்பவர்களுக்குச் சோம்பு. கேட்க விளையாட்டாக இருந்தாலும், சிகிச்சையில் இப்படித்தான் தேடுவார்கள். தலையில் மசாஜ் செய்வது சிலருக்கு இதம், சிலருக்கு அதுவே தூண்டுதல். முயன்று பார்த்துத்தான் தெரியும்.

மொட்டை போட்டால் போய்விடுமா? பலர் கேட்கும் கேள்வி. முடி இல்லாதவரை பிடுங்க முடியாதுதான். வளர ஆரம்பித்ததும் பழக்கம் அதே இடத்தில் காத்திருக்கும். சிலருக்குக் கை புருவத்துக்கு நகரும். நேர்த்திக்கடனாக மொட்டை போடுவது உங்கள் விருப்பம், சிகிச்சையாக அதை நம்ப வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள்

'கையை எடு!' வீட்டில் இது ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கும்? சொல்பவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கு அவமானம் ஏறும், அவமானம் அடுத்த பாத்ரூம் கண்ணாடிக்கு அனுப்பும். அஸ்ரின், நன் முறையிலேயே கூட இருப்பவருக்கு ஒரு பங்கு உண்டு. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேரும் பேசி ஒரு சொல்லையோ சைகையையோ முடிவு செய்யுங்கள். நம் உதாரணத்தில் தங்கை. அக்காவின் கை தலைக்குப் போனால் 'டீ போடவா?' என்பாள். அவ்வளவுதான். அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. அக்கா கையை மடக்கியதைப் பார்த்தால் அதை ஒரு வார்த்தை பாராட்டுவதும் தங்கையின் வேலை. பிடுங்கியதை எண்ணிச் சொல்வது அவள் வேலை இல்லை.

எங்கே சறுக்கும்?

முதல் சறுக்கல், வலது கையை மடக்கினால் இடது கை வேலையை எடுத்துக்கொள்வது. நடந்தால் மாற்றுச் செயலை இரண்டு கைக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

இரண்டாவது, பலரும் எதிர்பார்க்காதது. ஒரு மாதம் நன்றாகப் போயிருக்கும். திட்டில் புது முடி முளைக்கும். அந்தக் குட்டை முடி குச்சி குச்சியாக விரலில் குத்தும், அரிக்கும், 'இது மட்டும் வித்தியாசமா இருக்கே' என்று தோன்றும். பிடுங்கத் தூண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. இப்படி வரும் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த வாரங்களில் தலையில் துணி கட்டுவதையும் விரல் பேண்டேஜையும் திரும்பக் கொண்டுவாருங்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் தினமும் கண்ணாடியில் திட்டைப் பார்க்காதீர்கள். மாதம் ஒரு போட்டோ போதும். பல வருடம் ஒரே இடத்தில் பிடுங்கியிருந்தால் வேர் பாதிக்கப்பட்டு, அங்கே முடி பழையபடி அடர்த்தியாக வராமலும் போகலாம். அதைத் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 'ஒண்ணே ஒண்ணுதான்' என்ற எண்ணம். நரைமுடி, கோணல் முடி, இரண்டு புருவமும் சமமாக இல்லை என்று அதற்கு நூறு காரணம் கிடைக்கும். உங்கள் குறிப்புகளையே திறந்து பாருங்கள், எத்தனை முறை ஒன்றோடு நின்றது என்று. பதில் அங்கேயே இருக்கும்.

நான்காவது, திரும்ப வருவது. இந்தப் பிரச்னை நல்லாப் போய்க்கொண்டிருக்கும்போதே திரும்ப வரும் குணம் கொண்டது. நம் உதாரணப் பெண்ணுக்கு மூன்றாவது மாதம், வரி தாக்கல் கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் ஒரே ராத்திரியில் நாற்பது முடி. 'எல்லாம் போச்சு' என்று நோட்ஸை அழிக்கத் தோன்றும். அழிக்காமல், முதல் வாரம் போலவே எழுத ஆரம்பிக்கிறார். லேப்டாப்போடு திரும்பக் கட்டிலுக்குப் போனது அதில் தெரிகிறது. நாற்காலிக்குத் திரும்புகிறார். அந்த வாரம் 8, அடுத்த வாரம் 3.

தனியாக முடியவில்லை என்றால்

நான்கைந்து வாரம் நேர்மையாக எழுதி, கையை மடக்கியும் பெரிய மாற்றம் இல்லை. பிடுங்குவதில் பெரும்பகுதி சோகத்திலும் கோபத்திலும் நடக்கிறது. வெளியே போவதையே தவிர்க்கிறீர்கள். தூக்கம், பசி, வேலை கெடுகிறது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள். மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருந்தால் சைக்கியாட்ரிஸ்ட் மருந்தும் சேர்ப்பார். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாத்திரை பற்றி நெட்டில் நிறையப் படித்திருப்பீர்கள். 2009-ல் பெரியவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் பலன் தெரிந்தது, பின்னர் சிறுவர்களிடம் செய்த ஆய்வில் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்காமல் ஆன்லைனில் வாங்கிப் போட வேண்டாம்.

எல்லா கவுன்சலர்களும் இதில் பழகியவர்கள் இல்லை. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டுவிடுங்கள்: 'முடி பிடுங்குற பழக்கத்துக்கு ஹேபிட் ரிவர்சல் பண்ணுவீங்களா? இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா? எத்தனை செஷன் ஆகும்?' பேசினால் சரியாகிவிடும் என்று மட்டும் பதில் வந்தால் இன்னொருவரைத் தேடலாம். யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இருக்கும், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த ஒரு வார நோட்ஸை எடுத்துப்போங்கள். முதல் செஷனில் அவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.